வயிற்று வலி எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது?

வயிற்றை நான்கு கட்டமாகவோ ஒன்பது கட்டமாகவோ கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நோய்ப் பெயர்களை எழுதி வைத்த படத்தை மருத்துவம் படிக்கிற எல்லாரும் பார்த்திருப்போம். வலது மேல்பக்கம் பித்தப்பை, வலது கீழ்ப்பக்கம் குடல்வால், இடது கீழ்ப்பக்கம் டைவர்டிகுலைட்டிஸ் என்று அது போகும். அந்தப் படம் தேவைதான். ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வார்டுக்குப் போனால் முதல் நோயாளியிடமே தடுமாறிவிடுவோம். குடல்வால் இருப்பது வலது அடிவயிற்றில், ஆனால் குடல்வால் அழற்சி வந்தவர் முதலில் கை வைத்துக் காட்டுவது தொப்புளை. பித்தப்பை இருப்பது வலது விலா எலும்புக்குக் கீழே, ஆனால் பித்தக்கல் வலி பலருக்கு நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, நடுவயிற்றில்தான் ஆரம்பிக்கிறது.

வயிற்றுக்கு இரண்டு வகை நரம்பு ஏற்பாடு இருப்பதுதான் இதற்குக் காரணம். இதைப் புரிந்துகொண்டால் அந்தப் படத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை பயன்படுத்தலாம். வலி தொடங்கிய இடத்தை வைத்து ஒருமுறை, இப்போது இருக்கிற இடத்தை வைத்து இன்னொருமுறை. அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். எல்லாக் கட்டத்தையும் ஒரே அளவில் சொல்லாமல், அதிகமாகத் தவறு நடக்கிற வலது அடிவயிற்றில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உறுப்பின் வலி, உறையின் வலி

குடல், பித்தப்பை, இரைப்பை போன்ற உள்ளுறுப்புகளிலிருந்து கிளம்பும் வலி நரம்புகள் எண்ணிக்கையில் குறைவு. அவை தானியங்கு நரம்புகளோடு சேர்ந்து ஓடி, பெரும்பாலும் இரண்டு பக்கமும் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. குடலைக் கத்தியால் வெட்டினால்கூட இந்த நரம்புகள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. உறுப்பு உப்பி இழுபட்டாலோ, அதன் தசை இறுக்கிப் பிழிந்தாலோ, ரத்த ஓட்டம் குறைந்தாலோ, அழற்சி வந்தாலோதான் அவை குரல் கொடுக்கும். இரண்டு பக்கமிருந்தும் செய்தி போவதால் மூளைக்கு வலது எது, இடது எது என்று பிரிக்கத் தெரியாது. அதனால் வலி வயிற்றின் நடுக்கோட்டில், மந்தமாக, தெளிவில்லாமல் உணரப்படும். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் நோயாளி விரலால் காட்டமாட்டார், உள்ளங்கையால் வட்டம் போடுவார். கூடவே குமட்டல், வியர்வை, பசியின்மை இருக்கும். இதுதான் உள்ளுறுப்பு வலி.

வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் அப்படியில்லை. அதற்கு மேலே இருக்கிற தோலுக்கும் தசைக்கும் போகிற அதே நரம்புகள்தான் அதற்கும் போகின்றன. வலது பக்கத்துக்கு வலது நரம்பு, இடது பக்கத்துக்கு இடது நரம்பு. அதனால் அழற்சி ஓர் உறுப்பைத் தாண்டி அதை ஒட்டியிருக்கும் உறையைத் தொட்ட நொடியிலிருந்து வலியின் குணமே மாறிவிடுகிறது. கூர்மையாகிறது, ஒரே இடத்தில் நிற்கிறது, இருமினால் குத்துகிறது, அசைந்தால் கூடுகிறது. நோயாளி இப்போது ஒரு விரலால் இடத்தைக் காட்டுவார்.

ஆகவே வலி இடம் மாறியது என்று நோயாளி சொன்னால், ஒரு நோய் போய் இன்னொரு நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. அதே நோய் உறுப்பிலிருந்து உறைக்கு வந்திருக்கிறது. எவ்வளவு நேரத்தில் வந்தது என்பது நோய் எவ்வளவு வேகமாக முன்னேறுகிறது என்பதையும் சொல்லும்.

நடுக்கோட்டில் மூன்று இடங்கள்

உள்ளுறுப்பு வலி நடுக்கோட்டில் வந்தாலும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களாகப் பிரியும். எங்கே வரும் என்பதைத் தீர்மானிப்பது அந்த உறுப்பு இப்போது கிடக்கிற இடம் இல்லை, கருவில் அது எந்தக் குடல் பகுதியிலிருந்து உருவானது என்பதுதான். கரு வளரும்போது குடல் சுழன்று எங்கெங்கோ போய்ப் படுத்துக்கொண்டாலும், நரம்பு பழைய முகவரியை மறப்பதில்லை.

முன்குடலிலிருந்து வந்தவை இரைப்பை, டியோடினத்தின் முதல் பாதி, கல்லீரல், பித்தப்பை, கணையம். இவற்றின் வலி மேல்வயிற்றில், நெஞ்செலும்புக்கும் தொப்புளுக்கும் இடையில். நடுக்குடலிலிருந்து வந்தவை மீதி டியோடினம், சிறுகுடல் முழுவதும், குடல்வால், ஏறு பெருங்குடல், குறுக்குப் பெருங்குடலின் முதல் மூன்றில் இரண்டு பங்கு. இவற்றின் வலி தொப்புளைச் சுற்றி. அதற்குப் பிறகு வரும் பெருங்குடல் பின்குடலைச் சேர்ந்தது, அதன் வலி தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றின் நடுவில். மூன்றுக்கும் மூன்று தமனிகள்: சீலியாக், மேல் மெசென்டெரிக், கீழ் மெசென்டெரிக். உடற்கூறு வகுப்பில் தமனியோடு சேர்த்துப் படித்த பிரிவு நினைவிருந்தால் வலியின் இடமும் தானாக வந்துவிடும்.

சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் இதில் சேராது. அவற்றின் வலி உள்ளுறுப்பு வலிதான் என்றாலும் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே இருக்கும், விலாப்புறத்திலிருந்து கவட்டை நோக்கி இறங்கும். சினைப்பையும் பெரும்பாலும் தன் பக்கத்திலேயே வலிக்கும். ஆனால் அதன் நரம்புகள் தொப்புள் மட்டத்து நரம்புகளோடுதான் தண்டுவடத்துக்குள் போகின்றன, அதனால் சில நேரம் தொப்புளருகிலும் மந்தமாக வலிக்கலாம். பின்னால் வரும் நோயாளியைப் பார்க்கும்போது இது தேவைப்படும்.

இன்னொரு விஷயம், தூரத்து வலி. உதரவிதானத்தின் நடுப்பகுதிக்குக் கழுத்திலிருந்து இறங்கும் ஃபிரெனிக் நரம்பு போகிறது. தோள்பட்டைத் தோலுக்கும் அதே மட்டத்து நரம்புகள்தான். அதனால் வயிற்றுக்குள் கசிந்த ரத்தமோ சீழோ இரைப்பை அமிலமோ உதரவிதானத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டால் தோள் நுனியில் வலிக்கும். வயிற்று வலியோடு வந்த இளம்பெண் "படுத்தால் தோள் வலிக்கிறது" என்று சொன்னால் அதைத் தசைவலி என்று ஒதுக்கவே கூடாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து ரத்தம் கசிவதாக இருக்கலாம்.

இடத்தோடு வேகத்தையும் கேளுங்கள்

இடம் எந்த உறுப்பு என்று சொல்லும், அந்த உறுப்புக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாது. அதற்கு வலி வந்த வேகத்தைக் கேட்க வேண்டும். "வலி வந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்ற கேள்வி எனக்குப் பிடித்தமானது. "நாற்காலியிலிருந்து எழுந்தேன், அந்த நொடியில் வந்தது" என்று துல்லியமாகச் சொல்கிறவருக்கு ஏதோ ஓட்டை விழுந்திருக்கிறது, வெடித்திருக்கிறது, முறுக்கியிருக்கிறது அல்லது ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. "சாயங்காலம் லேசாக இருந்தது, தூங்கி எழுந்தபோது கூடியிருந்தது" என்பவருக்கு அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். அலை அலையாக வந்து, நடுவே முழுவதுமாக விட்டுவிடுகிறது என்றால் ஏதோ ஒரு குழாய் அடைபட்டு, தசை அதைத் தள்ளப் பார்க்கிறது. பித்தக்கல் வலியைக் கோலிக் என்று சொன்னாலும் அது அலையாக வருவதில்லை, ஏறி நின்று சில மணி நேரம் அப்படியே இருந்து பிறகு இறங்கும். 6 மணி நேரம் தாண்டியும் விடாமல், காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை அழற்சியை நினைக்க வேண்டும்.

கட்டிலில் நோயாளி எப்படிப் படுத்திருக்கிறார் என்பதையும் பாருங்கள். சிறுநீர்க்குழாய்க் கல் உள்ளவர் ஓரிடத்தில் இருக்கமாட்டார், புரளுவார், எழுந்து நடப்பார். பெரிட்டோனியத்தில் அழற்சி உள்ளவர் அசையாமல், முட்டியை மடக்கி, மூச்சைக்கூட மேலோட்டமாக விட்டுக்கொண்டு கிடப்பார். வயிற்றைத் தொடுவதற்கு முன்பே பாதி விடை அங்கே கிடைத்துவிடும்.

வலது அடிவயிறு: ஒரு நோயாளி

இப்போது ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். படிப்பதற்காக நான் அமைத்த நோயாளி, ஆனால் ஒவ்வொரு துண்டும் வார்டில் தினமும் பார்க்கக்கூடியதுதான்.

24 வயதுப் பெண். முந்தைய இரவு 10 மணி வாக்கில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி தொடங்கியது. சாப்பிடப் பிடிக்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் இரண்டு முறை வாந்தி. காலை 7 மணிக்கு எழுந்தபோது வலி வலது அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. இருமினால் குத்துகிறது. வயிற்றுப்போக்கு இல்லை. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும்போல இருக்கிறது. கடைசி மாதவிடாய் தொடங்கி 20 நாள் ஆகிறது. காலை 9 மணிக்கு அவசரப் பிரிவில் நாம் பார்க்கிறோம். உடல் வெப்பம் 37.1 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 92, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது.

முதலில் தொடங்கிய இடம். தொப்புளைச் சுற்றி, நடுக்கோட்டில், மந்தமாக. அதாவது நடுக்குடல்: சிறுகுடல், குடல்வால், வலது பெருங்குடல். இரண்டாவது, இப்போதைய இடம். வலது அடிவயிறு, கூர்மை, இருமினால் கூடுகிறது. அதாவது அங்கே உறை தொடப்பட்டிருக்கிறது. வலது அடிவயிற்று உறையை ஒட்டி என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடலாம்: குடல்வால், சிறுகுடலின் கடைசிப் பகுதி, சீக்கம், வலது சினைப்பை, கருக்குழாய். சிறுநீர்க்குழாய் உறைக்குப் பின்னால் ஓடுகிறது. இரண்டு பட்டியலிலும் இருப்பவை குடல்வாலும், சிறுகுடலின் கடைசிப் பகுதியும், சீக்கமும்தான். இப்படி இரண்டு பட்டியல் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி.

ஆனால் இங்கேயே நிறுத்திக்கொண்டால் ஆபத்து. டிஃபரென்ஷியல் எழுதும்போது "எது அதிகம் சாத்தியம்" என்ற வரிசையோடு, "எதைத் தவறவிட்டால் ஆள் போய்விடுவார்" என்ற வரிசையையும் தனியாக எழுத வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இரண்டாவது வரிசையில் முதலில் வருவது கருக்குழாய்க் கர்ப்பம். மாதவிடாய் 20 நாளுக்கு முன்தானே வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. கருக்குழாய்க் கர்ப்பத்தில் வரும் ரத்தக்கசிவை மாதவிடாய் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கருத்தரிக்கும் வயதில் உள்ள எந்தப் பெண் வயிற்று வலியோடு வந்தாலும், யார் என்ன சொன்னாலும், கர்ப்பப் பரிசோதனை முதல் பரிசோதனையாக நடக்க வேண்டும். சில நிமிடத்தில் முடிகிற வேலை. இவருக்கு நெகட்டிவ் வந்தது.

அடுத்து சினைப்பை முறுக்கு. அது திடீரென்று வரும், வாந்தி வலியோடு சேர்ந்தே தொடங்கும், பெரும்பாலும் சினைப்பையில் 5 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு கட்டி இருக்கும். டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதாலேயே முறுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது, பாதி முறுக்கிலும் கொஞ்சம் ஓட்டம் இருக்கும். இவருக்கு வலி மெதுவாக வந்திருக்கிறது, வாந்தி வலிக்குப் பிறகுதான் வந்திருக்கிறது.

இந்த வரிசை, வலி முதலிலா வாந்தி முதலிலா என்பது, சின்ன விஷயம்போலத் தோன்றும். குடல்வால் அழற்சியில் வலிதான் கிட்டத்தட்ட எப்போதும் முதலில். வாந்தி முதலில் வந்து, பிறகு வலி, பிறகு வயிற்றுப்போக்கு என்றால் இரைப்பைக் குடல் தொற்றாக இருக்க வாய்ப்பு. வயிற்றுப்போக்கே இல்லாமல் வாந்தி மட்டும் இருக்கிறவருக்கு அந்தப் பெயரை எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பயிற்சி மருத்துவராக இருந்தபோது நான் அப்படி எழுதி ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பினேன். 2 நாள் கழித்து வெடித்த குடல்வாலோடு திரும்பி வந்தான். பிழைத்துவிட்டான், ஆனால் அவனிடம் "எது முதலில் வந்தது?" என்று நான் கேட்கவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

சரி, பரிசோதனைக்கு வருவோம். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டு, அதில் இடுப்பெலும்புப் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருப்பது மெக்பர்னி புள்ளி. சார்லஸ் மெக்பர்னி 1889-இல் இதை விவரித்தார். இவருக்கு அந்தப் புள்ளிக்குச் சற்றுக் கீழேதான் தொட்டால் வலி அதிகம். மெதுவாகத் தட்டினாலும் வலிக்கிறது, அழுத்திவிட்டு விட்டாலும் வலிக்கிறது. வலது இடுப்பையும் முட்டியையும் மடக்கிக் காலை உள்பக்கம் திருப்பினால் உள்ளே வலிக்கிறது, அதாவது அப்ட்யூரேட்டர் தசைக்கு மேலே ஏதோ அழற்சி இருக்கிறது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வெள்ளையணு எண்ணிக்கை 9,600, நியூட்ரோஃபில் விகிதமும் கூடவில்லை. சிறுநீரில் கொஞ்சம் சீழ் அணுக்கள். அல்ட்ராசவுண்டில் குடல்வால் தெரியவில்லை. வலது சினைப்பையில் 2.5 சென்டிமீட்டர் நீர்க்கட்டி.

மாணவர்கள் பலர் வழி மாறுவது இங்கேதான். சிறுநீரில் சீழ் அணு, அடிக்கடி சிறுநீர், வெள்ளையணு கூடவில்லை: சிறுநீர்த் தொற்று என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பத் தோன்றும். இல்லையென்றால், நீர்க்கட்டி தெரிகிறதே, அதுதான் காரணம் என்று நிம்மதியடையத் தோன்றும். இரண்டையும் வலியின் கதையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பைத் தொற்று தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகராது, தட்டினால் வலிக்கிற அளவுக்குப் பெரிட்டோனியத்தைத் தொடாது. குடல்வால் சிறுநீர்க்குழாயையோ சிறுநீர்ப்பையையோ ஒட்டிக் கிடந்தால், அதன் அழற்சி பக்கத்தில் பரவிச் சிறுநீரில் சீழ் அணுக்கள் வரலாம். நீர்க்கட்டியைப் பொறுத்தவரை, மாதவிடாய்ச் சுழற்சியின் 20-ஆவது நாளில் 2.5 சென்டிமீட்டர் கார்பஸ் லூட்டியம் இருப்பது இயல்பு. அது வெடித்தால் வலிக்கும், உண்மைதான். ஆனால் அந்த வலி சட்டென்று, பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே வரும், ஸ்கேனில் வயிற்றுக்குள் கசிந்த திரவமும் தெரியும். சினைப்பை வலி தொப்புளருகில் தொடங்கலாம் என்று மேலே சொன்னேன், அதனால் முழுவதும் நீக்கவில்லை, வரிசையில் கீழே வைக்கிறோம். ஒரு படத்தில் ஏதோ தெரிகிறது என்பதும், அதுதான் வலிக்குக் காரணம் என்பதும் வேறு வேறு.

இந்த இடத்தில் ஆல்வராடோ மதிப்பெண்ணைப் போட்டுப் பார்க்கலாம். 1986-இல் வந்த முறை, மொத்தம் 10. வலி நகர்ந்ததற்கு 1, பசியின்மைக்கு 1, வாந்திக்கு 1, வலது அடிவயிற்றில் தொட்டால் வலிப்பதற்கு 2, அழுத்திவிட்டால் வலிப்பதற்கு 1. இதுவரை 6. வெப்பம் 37.3-க்குக் கீழே, அதற்கு மதிப்பெண் இல்லை. வெள்ளையணு 10,000-ஐத் தாண்டவில்லை, அதற்குரிய 2 இல்லை. இளம் நியூட்ரோஃபில் கூடுதலுக்கான 1 இல்லை. 6 என்பது "இருக்கலாம்" என்ற நடுப்பகுதி. அறுவை செய்யவும் முடியாது, வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

அப்போது செய்ய வேண்டியது, காத்திருந்து திரும்பவும் பார்ப்பது. சும்மா காத்திருப்பது இல்லை, அதே கை, அதே இடத்தை, சில மணி நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பார்ப்பது. அழற்சி நேரத்தோடு முன்னேறும், வாயுவோ சாதாரணத் தசைவலியோ பெரும்பாலும் தணியும். இதற்கிடையே வலிக்கு மருந்து கொடுக்கலாமா என்று மாணவர்கள் தயங்குவார்கள், அறிகுறி மறைந்துவிடுமோ என்ற பழைய பயம். மார்ஃபின் போன்ற வலி மருந்து கொடுத்ததால் நோயறிதல் தவறுவது கூடவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலியில் துடிக்கிறவரைவிட, ஓரளவு தணிந்து தசையைத் தளர்த்தியிருப்பவரின் வயிற்றைத்தான் நன்றாகத் தொட்டுப் பார்க்க முடியும். கொடுங்கள்.

இடம் ஏமாற்றும்போது

காத்திருக்கிற அந்த நேரத்தில், வலது அடிவயிற்றில் வலிக்கிறது ஆனால் நோய் அங்கே இல்லை என்கிற சில நிலைமைகளைப் பார்த்துவிடலாம்.

டியோடினப் புண் ஓட்டை விழுந்தால் அமிலம் வெளியே வந்து, ஏறு பெருங்குடலுக்கு வெளிப்பக்கம் உள்ள வாய்க்கால் வழியாக வழிந்து வலது அடிவயிற்றில் தேங்கும். அப்புறம் குடல்வால் அழற்சி மாதிரியே வலிக்கும். 1926-இல் இறந்த ஊமைப்பட நடிகர் ருடால்ஃப் வாலண்டினோவுக்கு இப்படித்தான் ஆனது, அவர் பெயராலேயே இந்த நிலையைக் குறிப்பிடுகிறார்கள். பிரித்துப் பார்க்க உதவுவது, வலி தொடங்கிய இடமும் வேகமும்தான்: மேல்வயிற்றில், ஒரே நொடியில். நின்றபடி எடுத்த மார்பு எக்ஸ்-ரேயில் உதரவிதானத்துக்கு அடியில் காற்று தெரியலாம். தெரியாவிட்டால் ஓட்டை இல்லை என்று பொருளில்லை.

பையன்களிடம் விரைப்பையைப் பார்க்காமல் வயிற்றுப் பரிசோதனையை முடிக்கக் கூடாது. விதை கருவில் வயிற்றின் மேலே உருவாகிக் கீழே இறங்கியது, அதன் நரம்பு இன்னும் பழைய மட்டத்தில்தான். விதை முறுக்கிக்கொண்டால் சிறுவன் வெட்கப்பட்டு "அடிவயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொல்வான். 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்தால் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு வேகமாகக் குறையும்.

60 வயதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சிறுநீரகக் கல் வலி வந்திருக்கிறது என்று எழுதுவதற்கு முன், பெருந்தமனியை ஸ்கேனில் பாருங்கள். பெருந்தமனி வீங்கி வெடிக்கத் தொடங்கினால் அதே விலாப்புறத்தில்தான் வலிக்கும். அதே வயதில், நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, வலி தாங்க முடியவில்லை என்கிறார், ஆனால் தொட்டால் வயிறு மெத்தென்று இருக்கிறது என்றால் குடலின் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். உள்ளுறுப்பு அழத் தொடங்கியிருக்கிறது, உறை இன்னும் தொடப்படவில்லை. மேலே சொன்ன இரண்டு நரம்பு விளக்கம் தெரிந்தவருக்கு இந்த முரண் முரணாகவே தோன்றாது. உறை தொடப்படும்வரை காத்திருந்தால் குடல் செத்திருக்கும். லாக்டேட் தொடக்கத்தில் கூடாமலும் இருக்கலாம்.

மேல்வயிற்று வலிக்கு இசிஜி, எல்லாருக்கும் ரத்தச் சர்க்கரை. இதயத்தின் அடிப்பக்க மாரடைப்பும், நீரிழிவில் வரும் கீட்டோஅசிடோசிஸும் வயிற்று வலியாக வந்து ஏமாற்றும். இரண்டு பரிசோதனைக்கும் 10 நிமிடம் போதும்.

மதியம் 3 மணி

நம் நோயாளிக்குத் திரும்புவோம். 6 மணி நேரம் கழித்து அவரை மறுபடி பார்க்கிறோம். வெப்பம் 37.9. தட்டினால் வலிக்கிற பரப்பு கூடியிருக்கிறது. வெள்ளையணு 13,400. காலையில் 6 ஆக இருந்த மதிப்பெண்ணோடு வெப்பத்துக்கு 1, வெள்ளையணுவுக்கு 2 சேர்ந்து 9 ஆகிறது. மருந்து செலுத்தி எடுத்த சிடி ஸ்கேனில் குடல்வாலின் விட்டம் 11 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டருக்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும். சுற்றியுள்ள கொழுப்பும் கலங்கியிருக்கிறது.

குடல்வாலின் நுனி இடுப்புக் குழிக்குள் இறங்கி, சிறுநீர்ப்பையை ஒட்டிக் கிடந்தது. அதனால்தான் அல்ட்ராசவுண்டில் அது எளிதாகத் தெரியவில்லை, அதனால்தான் வலி மெக்பர்னி புள்ளிக்குக் கீழே அதிகம், அதனால்தான் காலைத் திருப்பினால் வலித்தது, அடிக்கடி சிறுநீர் வந்தது, சீழ் அணுக்கள் தெரிந்தன. இதே குடல்வால் சீக்கத்துக்குப் பின்னால் மடங்கிப் படுத்திருந்தால், அது அப்படிக் கிடப்பதுதான் அதிகம், வலி விலாப்புறத்தில் இருந்திருக்கும், முன்வயிற்றைத் தொட்டால் பெரிதாக வலித்திருக்காது, காலைப் பின்பக்கம் நீட்டினால் சோவாஸ் தசை இழுபட்டு வலித்திருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் என்றால் கருப்பை மேலே தள்ளி, வலி வலது மேல்வயிற்றுப் பக்கம்கூடப் போயிருக்கலாம். இப்போது வலிக்கிற இடம் இப்படி ஆளுக்கு ஆள் மாறும். இரவு 10 மணிக்குத் தொப்புளைச் சுற்றி வந்த அந்த மந்தமான வலி மட்டும், நுனி எங்கே கிடந்தாலும், பெரும்பாலும் அங்கேயேதான் தொடங்கியிருக்கும்.